‘CR’ என்றால் கடன் இல்லை, அம்மா

“அம்மா, நீங்கள் கூடுதலாகப் பணம் கட்டியிருக்கிறீர்கள்” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். மறுபடி அழைத்தேன். “இப்படித்தான் என் பக்கத்து வீட்டுக்காரியிடமும் பேசினார்கள். போலிசில் சொல்லிவிடுவேன்” என்றார். அதற்குப் பிறகு அழைத்தால் எடுக்கவே இல்லை.

அவர் செய்ததில் தவறு ஒன்றும் கிடையாது. முன்பின் தெரியாத குரல், பணம் திரும்பக் கிடைக்கும் என்ற பேச்சு. மோசடிக்காரர்களும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். பல ஆண்டுகள் ஒரு பயனீட்டு நிறுவனத்தின் முகப்பில் வேலை செய்தவள் நான். பாக்கி வைத்தவரிடம் பேசுவதைவிட, அதிகம் கட்டியவரிடம் பேசுவது எவ்வளவு சிரமம் என்பதை அந்த அம்மாதான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்.

அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. ஈசூனில் மூவறை வீடு. தனியாக இருந்தார். மின்சாரம், தண்ணீர், எரிவாயு எல்லாம் சேர்ந்து மாதம் ஏறக்குறைய நூறு வெள்ளி வரும். பில் அவர் பெயரில்தான். ஒரே மாதத்தில் இரண்டு முறை பணம் வந்த கணக்குகளைத் தனியாகப் பட்டியலிட்டு எங்களிடம் கொடுப்பார்கள். அந்தப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது.

தொலைபேசி வேலைக்கு ஆகாததால் கடிதம் எழுதினேன். அதில் என் நேரடி எண்ணைப் போடவில்லை. “உங்கள் பழைய பில்லில் அச்சிட்டிருக்கும் எண்ணை அழைத்துக் கேளுங்கள், அல்லது நேரில் வாருங்கள். நீங்கள் எந்தப் பணமும் கட்ட வேண்டாம், எந்தத் தகவலும் தர வேண்டாம்” என்று மட்டும் எழுதினேன். ஒரு வாரம் கழித்து அவரே முகப்புக்கு வந்தார். கையில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் மூன்று மாத பில்களும், ஏஎக்ஸ்எஸ் இயந்திரத்தின் ரசீதுகளும், எண்பத்தேழு வெள்ளியும்.

“இந்தாம்மா, இந்தக் கடனை வாங்கிக்கொள்” என்று ஜூலை பில்லை என் முன்னால் வைத்தார். பில்லின் கடைசி வரியில் 86.40 CR என்று இருந்தது. ‘கிரெடிட்’ என்றால் கடன் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். கிரெடிட் கார்டு என்றால் கடன் அட்டைதானே? அவர் அப்படிப் புரிந்துகொண்டதில் வியப்பில்லை. நாங்கள் அவருக்குத் தர வேண்டிய 86 வெள்ளி 40 காசை, அவர் எங்களுக்குத் தர வேண்டியதாக நினைத்துப் பணத்தோடு வந்திருந்தார்.

அன்று நான் முதலில் சொன்னது இதுதான்: “அம்மா, பணத்தை உள்ளே வையுங்கள். இந்த 86 வெள்ளி 40 காசு எங்களிடம் இருக்கும் உங்கள் பணம்.”

அவர் நம்பவில்லை. “நான் பில்லில் போட்ட பணத்தைத்தானே கட்டினேன், எப்படி அதிகமாகும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் “உங்கள் கணக்கில் மிகை இருக்கிறது” என்று ஆயிரம் முறை சொன்னாலும் பயனில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, மாதம் மாதமாக எழுதிக் காட்டினேன்.

மே மாத பில் 96 வெள்ளி 20 காசு. அந்த அம்மா பில் வந்த சில நாளில், வழக்கம்போல் புளோக்கின் கீழே உள்ள ஏஎக்ஸ்எஸ் இயந்திரத்தில் 96.20 கட்டினார். அதற்கு முந்தைய மாதம்தான் அவருடைய மகன், அம்மாவுக்குச் சிரமம் வேண்டாம் என்று, தன் வங்கிக் கணக்கிலிருந்து ஜைரோ ஏற்பாடு செய்திருந்தார். அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. மாதக் கடைசியில் ஜைரோ வழியாக இன்னொரு 96.20 கழிந்தது.

இங்கே பலர் கேட்பார்கள்: ஏற்கெனவே பணம் வந்துவிட்டதே, பிறகு எதற்காக ஜைரோவில் எடுத்தீர்கள்? ஜைரோ என்பது பில்லில் அச்சான தொகையை, குறித்த நாளில் எடுக்கும்படி வங்கிக்கு அனுப்பும் கட்டளை. அந்தக் கட்டளை போனபிறகு இயந்திரத்தில் யார் பணம் போட்டார்கள் என்பது அதற்குத் தெரியாது. அதனால்தான் ஜைரோ இருக்கும் பில்லைக் கையால் கட்டினால் ஏறக்குறைய எப்போதும் இரண்டு முறை கட்டியதாகிவிடும்.

ஜூன் மாதம் புதிய பயன்பாடு 101 வெள்ளி 50 காசு. அதிகம் வந்த 96.20 அதில் தானாகவே கழிந்தது. மீதி கட்ட வேண்டியது 5 வெள்ளி 30 காசுதான். அந்த மாதமே கணக்கு நேராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

“ஐந்து வெள்ளி பில்லைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது” என்றார் அந்த அம்மா. “எங்கோ தவறாகப் போட்டுவிட்டார்கள், பிறகு மொத்தமாகக் கேட்பார்கள், அபராதமும் போடுவார்கள் என்று நினைத்தேன். அதனால் நூறு வெள்ளி கட்டிவிட்டேன். என் பில் நூறுதானே வரும்?”

நாங்கள் தவறாகக் குறைத்துப் போட்டுவிட்டோம் என்று நினைத்து, யாரும் கேட்காமலேயே நேர்மையாக நூறு வெள்ளி கட்டியிருக்கிறார். ஜைரோ தன் பங்குக்கு 5.30 எடுத்துக்கொண்டது. ஆக ஜூன் முடிவில் அவர் கணக்கில் சரியாக 100 வெள்ளி மிகை.

ஜூலையில் புதிய பயன்பாடு 98 வெள்ளி 60 காசு. அந்த மாதம் யு-சேவ் கழிவும் வந்தது. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய மாதங்களில் தகுதியுள்ள வீவக குடும்பங்களுக்கு அரசாங்கம் தரும் கழிவு அது. அப்போது மூவறை வீட்டுக்கு 85 வெள்ளி. 98.60 இலிருந்து 85 போனால் 13.60. அதை அவருடைய 100 வெள்ளியில் கழித்தால் மீதி 86.40. அதுதான் அந்தக் கடைசி வரி.

இந்த ஒரு கணக்கை எழுதிக் காட்டியதும் அவர் முகம் தெளிந்தது. ஆனால் உடனே இன்னொரு கேள்வி கேட்டார். “அப்படியென்றால் இந்த 86 வெள்ளியைக் கையில் கொடுத்துவிடுவாயா?”

இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, அடுத்த பில்லில் கழித்துக்கொள்வது. அதற்கு விண்ணப்பம், கையெழுத்து எதுவும் தேவையில்லை. அது தானாக நடக்கும். மற்றொன்று, பணமாகத் திருப்பிக் கொடுப்பது. அதற்குக் கணக்கின் உரிமையாளர் கேட்க வேண்டும். யார் என்பதைச் சரிபார்க்க வேண்டும். வங்கிக் கணக்குக்கு அனுப்ப எங்கள் இடத்தில் ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும்.

அவரிடம் நான் சொன்ன யோசனை இது. மிகை ஒரு மாத பில்லைவிடக் குறைவாக இருந்தால், பில்லிலேயே கழியவிடுவது நல்லது. இரண்டு வாரத்தில் பணம் கைக்கு வருவதற்குள் அடுத்த பில் வந்து அதைக் கழித்திருக்கும். மிகை பல மாத பில் அளவுக்கு இருந்தாலோ, வீட்டை விற்றுக் கணக்கை மூடப்போகிறீர்கள் என்றாலோ, பணமாகக் கேட்பதுதான் சரி. கணக்கை மூடும்போது கடைசி பில் போக மிஞ்சுவதை வைப்புத்தொகையோடு சேர்த்துத் தருவார்கள். அதற்கு வங்கிக் கணக்கு விவரம் சரியாக இருக்கிறதா என்று அப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதில் ஒரு குழி உண்டு. பணமாகக் கேட்டுவிட்டு, ‘மிகைதான் இருக்கிறதே’ என்று அடுத்த பில்லையும் கட்டாமல் விட்டுவிடுவார்கள். ஒரே பணம் இரண்டு இடத்துக்குப் போக முடியாது. திருப்பிக் கேட்ட நாளிலிருந்து அந்தத் தொகை உங்கள் பில்லுக்கு இல்லை. அடுத்த பில் முழுத் தொகையாக வரும். அதைக் கட்டாவிட்டால் தாமதக் கட்டணம் சேரும். கூடுதலாகக் கட்டியவர் கடைசியில் அபராதம் கட்டிய கதையையும் நான் பார்த்திருக்கிறேன்.

யு-சேவ் விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். அது பயனீட்டுக் கட்டணத்தைக் குறைப்பதற்காக மட்டும் தரப்படுவது. மிச்சமிருந்தால் அடுத்த பில்லுக்குப் போகும். பணமாக வாங்க முடியாது. நாங்கள் யு-சேவை முதலில் கழித்ததால் மிஞ்சிய 86.40 முழுவதும் அவர்கள் கட்டிய பணம். மாற்றி, அவர்கள் கட்டிய 100 வெள்ளியை முதலில் கழித்திருந்தால், அதே 86.40 இல் 1 வெள்ளி 40 காசு மட்டுமே அவர்கள் பணம், மீதி 85 யு-சேவ். மொத்தம் ஒன்றுதான். கையில் கிடைப்பது வேறு. பில்லின் கடைசியில் பெரிய தொகை CR என்று இருந்து, அதைத் திருப்பிக் கேட்க நினைத்தால், “இதில் நான் கட்டியது எவ்வளவு, யு-சேவ் எவ்வளவு?” என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

அந்த அம்மா கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “இது என் பணமா, என் பையன் பணமா?”

அதற்கு எங்கள் விதிப்புத்தகத்தில் பதில் இல்லை. நிறுவனத்துக்குக் கணக்கு உரிமையாளரைத்தான் தெரியும். ஒரே பில்லுக்கு இருவர் கட்டினால், அதில் எது தேவையான பணம், எது மிகை என்று எங்களால் சொல்ல முடியாது. ஆனாலும் கூட்டிக் காட்டினேன். மூன்று மாதத்தில் அவர் கட்டியது 196.20. மகன் கணக்கிலிருந்து போனது 101.50. மொத்தம் 297.70. யு-சேவ் போக உண்மையில் கட்ட வேண்டியிருந்தது 211.30. வித்தியாசம் 86.40.

“அவன் பணம் நூறு வெள்ளி போய்விட்டதா?” என்றார். தன் பணம் போனதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. “அவனிடம் சொல்லாதே. நான் கட்டியது தெரிந்தால் அவன் செய்ததை நான் நம்பவில்லை என்று நினைப்பான்.”

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. மகன் சொல்லாமல் ஜைரோ போட்டது அன்பால். அம்மா சொல்லாமல் கட்டிக்கொண்டிருந்தது பழக்கத்தால். மாதம் ஒருமுறை கீழே இறங்கிப் போய்த் தன் வீட்டு பில்லைத் தன் கையால் கட்டுவது அவருக்கு முக்கியமாக இருந்தது. இருவருக்கும் நடுவில் என் கையில் இருந்தது ஒரு கணக்கு.

“நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை அம்மா. ஒரே பில்லை இரண்டு பேர் கட்டியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். இனி யார் கட்டுவது என்பதை நீங்களும் மகனும் முடிவு செய்யுங்கள். இரண்டில் ஒன்றை நிறுத்தினால் போதும்” என்றேன். பிறகு அதே தாளின் கீழே, அவர் வீட்டுக்கு எடுத்துப்போகும்படி, பெரிய எழுத்தில் நான்கு வரி எழுதினேன்.

‘நாங்கள் உங்களுக்குத் தர வேண்டியது 86 வெள்ளி 40 காசு. அது ஆகஸ்ட் பில்லில் கழியும். ஆகஸ்ட் பில்லில் ஏதாவது மிஞ்சினால் அதை ஜைரோ எடுத்துக்கொள்ளும். அதுவரை இயந்திரத்தில் எதுவும் கட்டாதீர்கள்.’

அந்தக் கடைசி வரிதான் மிக முக்கியம் என்று பிற்பாடு எனக்குத் தெரிந்தது. மிகை இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டு, இனி என்ன செய்யக் கூடாது என்று சொல்ல மறந்துவிட்டால், அவர் மறுபடியும் நூறு வெள்ளி கட்டியிருப்பார்.

ஒன்றிரண்டு நாளில் மகனே அழைத்தார். அம்மாவே சொல்லிவிட்டார் போலும். “நான் ஜைரோவை நிறுத்திவிடுகிறேன். அவரே கட்டட்டும்” என்றார். அதிலும் ஒரு எச்சரிக்கை சொன்னேன். ஜைரோவை இன்று நிறுத்தச் சொன்னால் இன்றே நின்றுவிடாது. வங்கி முடித்துத் தகவல் அனுப்ப நாளாகும். அடுத்த பில்லில் ‘ஜைரோ மூலம் கழிக்கப்படும்’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த மாதம் கையால் கட்டக் கூடாது. அந்த வரி போன பிறகுதான் அம்மா இயந்திரத்துக்குப் போக வேண்டும்.

ஆகஸ்ட் பில் 94 வெள்ளி 10 காசு வந்தது. 86.40 கழிந்து, 7 வெள்ளி 70 காசு மீதி. ஜைரோ வரி இன்னும் இருந்தது. அந்த அம்மா இந்தமுறை பில்லில் இருந்த எண்ணை அழைத்து, என்னைக் கேட்டு வாங்கிப் பேசினார். “ஏழு வெள்ளி எழுபது காசு, சரிதானே? நான் கட்டவில்லை.” சரிதான் என்றேன். செப்டம்பரில் அந்த வரி இல்லை. பணத்தை இயந்திரத்தில் அவரே கட்டினார். பட்டியலில் அவர் பெயர் அதற்குப் பிறகு வரவே இல்லை.

உங்கள் வீட்டு பில்லையும் இன்று எடுத்துப் பாருங்கள். கடைசித் தொகையின் பக்கத்தில் CR என்றோ, முன்னால் ஒரு கழித்தல் குறியோ இருந்தால், அது நீங்கள் தர வேண்டியது அல்ல, உங்களுக்கு வர வேண்டியது. எங்கிருந்து வந்தது என்று அறிய, ‘பெற்றுக்கொண்ட தொகை’ என்ற பகுதியைப் பாருங்கள். ஒரே மாதத்தில் இரண்டு வரவு இருந்தால், யாரோ இரண்டாம் முறை கட்டியிருக்கிறார்கள். ஒரே வரவுதான் என்றால், மீட்டர் அளவுக்குப் பக்கத்தில் அது மதிப்பீடு என்று குறித்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய மீட்டர் உள்ள வீடுகளில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் அளவெடுப்பார்கள். இடையில் வரும் பில் மதிப்பீடுதான். அந்த மாதம் நீங்கள் ஊருக்குப் போயிருந்தால் மதிப்பீடு உண்மையைவிட அதிகமாக இருக்கும். அடுத்து அளவெடுக்கும்போது அது தானாகத் திருத்தப்படும். காத்திருக்க விரும்பாவிட்டால் மீட்டரைப் பார்த்து அளவை நீங்களே தெரிவிக்கலாம்.

‘பணம் திரும்பக் கிடைக்கும்’ என்று யாராவது அழைத்தால், அந்த அம்மா செய்ததைப் போலவே வைத்துவிடுங்கள். பில்லில் உள்ள எண்ணை நீங்களே அழைத்துக் கேளுங்கள். உங்கள் மிகைப் பணத்தைத் திருப்பித் தருவதற்கு யாருக்கும் உங்கள் அட்டை எண்ணோ, ஒருமுறை பயன்படும் கடவுச்சொல்லோ, சிங்பாஸ் கடவுச்சொல்லோ தேவையில்லை. சந்தேகம் இருந்தால் இப்போது 1799 என்ற ஸ்கேம்‌ஷீல்டு உதவி எண் இருக்கிறது.

பெற்றோரின் பில்லுக்கு ஜைரோ போட்டிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அதை அவர்களிடம் சொல்லிவிடுங்கள். பில்லில் எந்த வரியில் அது இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். இல்லாவிட்டால் உங்கள் அம்மாவும் ஒரு நாள் பிஸ்கட் டின்னோடு முகப்புக்கு வந்து, தான் கொடுக்க வேண்டியதே இல்லாத பணத்தை எண்ணி வைத்துக்கொண்டிருப்பார்.